அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் சர்க்கரை எவ்வளவு குறையும்?

நியூயார்க்கில் இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் பதினோரு பேரை ஒரு வசதியான நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். எல்லோரும் நடுவயதுக்காரர்கள், அல்லது அதைத் தாண்டியவர்கள். லேப்டாப்பில் வேலை செய்யலாம், படிக்கலாம், போனை நோண்டலாம். கழிப்பறைக்குப் போக மட்டும் எழுந்துகொள்ளலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தச் சர்க்கரையும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் அளக்கப்பட்டன. சாப்பாடும் ஆய்வகமே கொடுத்தது, எல்லா நாளும் ஒரே மாதிரி.

ஒவ்வொருவரும் இப்படி ஐந்து தனித்தனி நாட்கள் வந்தார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தார்கள். மற்ற நான்கு நாட்களில் இடையிடையே எழுந்து டிரெட்மில்லில் மெதுவாக நடந்தார்கள். ஒரு நாள் அரை மணிக்கு ஒரு நிமிடம், இன்னொரு நாள் அரை மணிக்கு ஐந்து நிமிடம். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம், ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம். கீத் டியாஸ் தலைமையிலான இந்தக் குழுவின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையைத் தெளிவாகக் குறைத்தது ஒரே ஒரு முறைதான்: அரை மணிக்கு ஐந்து நிமிடம். அந்த ஏற்றம் 58 சதவீதம் குறைந்ததாக அறிவித்தார்கள். ரத்த அழுத்தமோ எல்லா நடை நாட்களிலும் 4, 5 புள்ளிகள் இறங்கியது. ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிடம் நடந்த நாளில்கூட.

'அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுந்து எவ்வளவு நேரம், என்ன செய்வது, அதனால் எவ்வளவு பலன் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. 58 சதவீதம் என்பது ஊடகங்களில் வேகமாகப் பரவிய எண். அந்த எண்ணை அப்படியே விழுங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முழுக்க ஒதுக்கினாலும் நஷ்டம். அது எதில் 58 சதவீதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எந்தச் சதவீதம்?

சாப்பிடுவதற்கு முன் உங்கள் சர்க்கரை 90 என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டதும் ஏறத் தொடங்கும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். வரைபடத்தில் போட்டால் ஒரு மேடு போலத் தெரியும். இந்த ஆய்வுகள் அளப்பது பெரும்பாலும் அந்த மேட்டை மட்டுமே, அதாவது 90 என்ற தரைக்கு மேலே இருக்கும் பரப்பை. மேடு பாதியானது என்றால் ரத்தத்தில் இருக்கும் மொத்தச் சர்க்கரை பாதியானது என்று அர்த்தமல்ல.

எண்களை வைத்தே பார்க்கலாம். இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பக் காட்டும் ஆய்வு ஒன்று 2012-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மெல்போர்னின் பேக்கர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் டன்ஸ்டன் குழு நடத்தியது. 45 முதல் 65 வயது வரையுள்ள, எடை கூடுதலான 19 பேர். 75 கிராம் குளுக்கோஸும் 50 கிராம் கொழுப்பும் கலந்த ஒரு பானத்தைக் குடித்துவிட்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தார்கள். இன்னொரு நாள் அதே பானம், ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் மெதுநடை. மேட்டின் பரப்பு உட்கார்ந்தே இருந்த நாளில் 6.9, நடந்த நாளில் 5.2. இதன் அலகு மில்லிமோல்-மணி. பெயர் பயமுறுத்தினாலும் கணக்கு எளிதுதான். ஐந்து மணி நேரத்தால் வகுத்து, நமக்குப் பழக்கமான மில்லிகிராமுக்கு மாற்ற 18-ஆல் பெருக்க வேண்டும். உட்கார்ந்த நாளில் சர்க்கரை சராசரியாகத் தரையிலிருந்து 25 புள்ளி உயர்ந்திருந்தது. நடந்த நாளில் 19 புள்ளி.

வித்தியாசம் ஆறு புள்ளி. மேட்டைப் பொறுத்தவரை இது 24 சதவீதக் குறைவு. தரை 90 என்றால் மொத்தச் சராசரி 115-லிருந்து 109-க்கு வந்திருக்கிறது. இப்படிப் பார்த்தால் ஐந்து சதவீதம். இரண்டு எண்ணும் உண்மை. செய்தித் தலைப்புக்குப் போவது முதல் எண், உடம்பு காண்பது இரண்டாவது எண் என்று நான் பிரித்து வைத்துக்கொள்வேன். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ஆறு புள்ளி பெரிய விஷயமில்லை என்று தோன்றலாம். ஆனால் அதே ஆய்வில் இன்சுலின் மேடும் 23 சதவீதம் குறைந்தது. சர்க்கரை குறைந்ததற்குக் காரணம் கணையம் கூடுதலாக உழைத்தது அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. கணையத்தின் வேலையும் குறைந்திருக்கிறது.

இதே குழுவில் பேடி டெம்ப்சி தலைமையில் 2016-இல் வந்த ஆய்வைப் பார்த்தால் படம் மாறுகிறது. அதில் கலந்துகொண்ட 24 பேருக்கும் இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருந்தது. குளுக்கோஸ் பானத்துக்குப் பதில் உண்மையான காலை உணவும் மதிய உணவும் கொடுத்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் மெதுநடை. மேட்டின் பரப்பு 24.2-லிருந்து 14.8-க்கு இறங்கியது. மேலே போட்ட அதே கணக்கை ஏழு மணி நேரத்துக்குப் போட்டால், தரைக்கு மேல் சராசரி 62 புள்ளியாக இருந்தது 38 ஆகியிருக்கிறது. வித்தியாசம் 24 புள்ளி. மாத்திரையை மாற்றாமல், வியர்க்காமல், நடுவில் மூன்று மூன்று நிமிடம் நடந்ததற்குக் கிடைத்தது இது.

ஆக, எவ்வளவு பலன் என்ற கேள்விக்கு ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மேடு உயரமாக இருப்பவருக்கு வெட்டுவதற்கு நிறைய இருக்கிறது. மேடே தாழ்வாக இருக்கும் இளைஞருக்கு, உடற்பயிற்சிப் பழக்கமும் இருந்தால், மிச்சம் கொஞ்சம்தான்.

தசை ஏன் சர்க்கரையை இழுக்கிறது

சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது தசைகள். தசைச் செல்லுக்குள் சர்க்கரை தானாக நுழைய முடியாது. அதை உள்ளே இழுக்க குளுட்-4 என்ற புரதம் செல்லின் வெளிச்சுவருக்கு வந்து நிற்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போது இந்தப் புரதம் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். அதை வெளியே வரவழைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இன்சுலின் வந்து கதவைத் தட்டுவது. இன்னொன்று தசை சுருங்கி விரிவது. இந்த இரண்டாவது வழிக்கு இன்சுலின் தேவையில்லை. இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுக்காத தசைகூட, வேலை செய்யச் சொன்னால் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் பலன் கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உட்கார்ந்திருக்கும்போது தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும் ஏறக்குறைய முழு ஓய்வில் இருக்கின்றன. உடம்பிலேயே பெரிய தசைகள் இவை. வேகமாக நடக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. டன்ஸ்டன் ஆய்வில் மூன்றாவதாக ஒரு நாளும் இருந்தது. அன்று மணிக்கு ஆறு கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில், கொஞ்சம் மூச்சு வாங்க நடந்தார்கள். மேடு 4.9. மெதுநடையின் 5.2-க்கும் இதற்கும் இடைவெளி மிகச் சிறியது. மெதுநடை என்று நான் சொல்வது மணிக்கு 3.2 கிலோமீட்டர். போனில் பேசிக்கொண்டே தாழ்வாரத்தில் உலாத்தும் வேகம்.

நின்றால் போதுமா என்று கேட்பவர்கள் நிறைய. உயரமான மேசை வாங்கியவர்கள் இந்தக் கேள்வியை ஒரு ஆசையோடு கேட்பார்கள். நிற்கும்போது தசைகள் உடம்பைத் தாங்கிப் பிடிக்கின்றன, ஆனால் மாறி மாறிச் சுருங்கி விரிவதில்லை. 2022-இல் அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதற்கு முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உட்காருவதைவிட இடையிடையே நிற்பது சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தது, இன்சுலினைக் குறைக்கவில்லை. மெதுநடை இரண்டையும் குறைத்தது, சர்க்கரையை நிற்பதைவிடக் கூடுதலாகவே. நிற்பது வீண் என்று சொல்ல மாட்டேன். முதுகுக்கு அது மாற்றம். ஆனால் சர்க்கரைக்காக மேசை வாங்குவதைவிட எழுந்து நடக்கும் பாதை ஒன்றைத் தேடிக்கொள்வது மலிவு.

நடக்க இடமே இல்லாதவர்களுக்கு டெம்ப்சி ஆய்வில் நல்ல செய்தி இருக்கிறது. அதில் இன்னொரு நாள், நடைக்குப் பதில் நாற்காலி பக்கத்திலேயே நின்று சில அசைவுகளைச் செய்யச் சொன்னார்கள். முழங்காலை மடக்கிப் பாதி அளவு உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நிற்பது, முழங்காலை மாற்றி மாற்றி உயர்த்துவது, பிட்டத்தை இறுக்கி விடுவது. மூன்று நிமிடம், எடை எதுவும் கிடையாது. மேடு 14.7. நடையும் இதுவும் ஒன்றுதான். ரத்தத்தில் இருக்கும் ட்ரைகிளிசரைடு கொழுப்பு இந்த அசைவுகள் செய்த நாளில் குறைந்தது. மற்றவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தை மட்டும் சமாளிக்க வேண்டும். குதிகால் தூக்குவதை யாரும் கவனிப்பதில்லை என்பது என் அனுபவம். பாதி உட்காருவதை எல்லோரும் கவனிக்கிறார்கள்.

காலையில் நடப்பவர்களுக்கு இது தேவையா

'நான்தான் காலையில் அரை மணி நேரம் நடக்கிறேனே, அப்புறம் எதற்கு இது?' நியாயமான கேள்வி. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2013-இல் இதை நேரடியாகவே சோதித்தது. எடை சரியாக இருந்த, ஆரோக்கியமான 70 பேர், ஒன்பது மணி நேரம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். ஒரு நாள் தொடக்கத்தில் ஒரே மூச்சாக 30 நிமிடம் நடந்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு நாள் அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நாற்பது விநாடி நடந்தார்கள். பதினெட்டு முறை நடந்தால் அதுவும் முப்பது நிமிடம்தான். மொத்த நடை நேரம் சமம், பங்கிட்ட விதம் மட்டும் வேறு.

சர்க்கரையிலும் இன்சுலினிலும் பங்கிட்ட நடை தெளிவாக வென்றது. ஒரே மூச்சாக நடந்தவர்களின் சர்க்கரை மேடு, நடக்காமல் உட்கார்ந்தவர்களுடையதைப் போலவே இருந்தது. ஆனால் ட்ரைகிளிசரைடில் ஒரே மூச்சு நடை பங்கிட்ட நடையைவிட நன்றாக வேலை செய்தது. இந்த இரண்டாவது பாதியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை. உணவுக்குப் பிந்தைய சர்க்கரை என்பது அந்த உணவை ஒட்டி நடக்கும் சண்டை. அந்த நேரத்தில் தசை அசைய வேண்டும். இதயத்தின் திறனும் மூச்சுத் திறனும் வளர வேண்டுமானால் தொடர்ந்து, சற்று மூச்சு வாங்க உழைத்தாக வேண்டும். இரண்டு நிமிட உலாத்தல் அதைத் தராது.

எடை குறையும் என்று நினைத்து இதைத் தொடங்குபவர்களும் உண்டு. ஐந்து நிமிட மெதுநடை என்பது ஏறக்குறைய 270 மீட்டர். எட்டு மணி நேரத்தில் பதினாறு முறை நடந்தால் நாலேகால் கிலோமீட்டர். நல்ல தூரம்தான். ஆனால் மூன்று நிமிடமாகக் குறைத்தால் இரண்டரை கிலோமீட்டர். ஒரு நிமிடமாக்கினால் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே. எடையில் இதன் கைவரிசை தெரியும் என்று காத்திருக்க வேண்டாம்.

கால்களுக்குள் நடப்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முழங்கால் மடிந்து, கெண்டைக்கால் அசையாமல் இருக்கும்போது காலின் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. ரத்தம் உரசிக்கொண்டு ஓடினால்தான் குழாயின் உட்சுவர் விரிந்து கொடுக்கும் தன்மையைத் தக்கவைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். தொடைத் தமனியின் விரியும் திறன் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு அருகில் விழுந்தது. மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்த நாளில் அந்த வீழ்ச்சி ஏற்படவில்லை. சர்க்கரைக்கு அரை மணி தேவைப்பட்டது. ரத்தக் குழாய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு மணி இடைவெளியே ஓரளவு போதுமானதாக இருந்திருக்கிறது. அரை மணி என்பது உடம்புக்குள் அடிக்கும் மணி அல்ல. ஆய்வாளர்கள் 20, 30, 60 என்று இடைவெளிகளைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள். நடைமுறைக்கு ஒத்துவந்து, சர்க்கரையிலும் பலன் காட்டியது 30. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த எண்ணையே பரிந்துரைக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உட்காருவதைக் குறையுங்கள் என்றது. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எழ வேண்டும் என்று எண் எதையும் குறிக்கவில்லை.

ஆயுள் கூடுமா

இதற்கு மேலே சொன்ன ஆய்வகங்களில் பதில் கிடைக்காது. ஒரு நாள் சர்க்கரையை வைத்து இருபது வருட ஆயுளைச் சொல்ல முடியாது. மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள்தான் உதவும். டியாஸ் குழு 2017-இல் வெளியிட்ட ஒன்றில், 45 வயதைத் தாண்டிய 7,985 அமெரிக்கர்களின் இடுப்பில் அசைவுமானியைக் கட்டி, நான்கு ஆண்டுகள் கண்காணித்தார்கள். மொத்தமாக அதிக நேரம் உட்கார்ந்தவர்களுக்கும், ஒரே தொடராக அதிக நேரம் உட்கார்ந்தவர்களுக்கும் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. அரை மணிக்குள் எழுந்துவிடும் வழக்கம் உள்ளவர்களுக்குக் குறைவாக இருந்தது.

ஆனால் முழங்கால் வலிக்காரர் அடிக்கடி எழ மாட்டார். இதய நோய் தொடங்கியவர் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்ததால் நோயா, நோயால் உட்கார்ந்தாரா என்று பிரிப்பது சிரமம். இந்தச் சிக்கல் இந்தத் துறைக்குப் புதிதல்ல. 1953-இல் லண்டன் பேருந்துகளை வைத்து ஜெர்ரி மோரிஸ் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களுக்கு, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களைவிட இதய நோய் அதிகமாக இருந்தது. உட்காரும் வேலைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மோரிஸ் விடவில்லை. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைத் தேடிப் பார்த்தார். வேலையில் சேரும்போதே ஓட்டுநர்கள் பருமனாகத்தான் இருந்தார்கள். தன் முடிவுக்குத் தானே ஓட்டை போட்டு, அதை 1956-இல் வெளியிடவும் செய்தார். அந்தக் கால்சட்டைக் கணக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்து 2016-இல் உல்ஃப் எகெலுண்ட் குழு செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்பவர்களிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் இறப்பு அபாயம் காணாமலே போனது. நீங்கள் அந்த ரகம் என்றால், ஆயுளைப் பொறுத்தவரை அரை மணி அலாரத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அவ்வளவு செய்பவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஒரு வேலை நாளில் பொருத்திப் பார்த்தால்

அரை மணிக்கு ஐந்து நிமிடம் என்றால் எட்டு மணி நேரத்தில் 80 நிமிடம் போய்விடும். வேலை நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆய்வகத்தில் ஒரு நாள் செய்வதற்கும், கெடு நெருங்கும் வாரத்தில் ஐந்து நாளும் செய்வதற்கும் தூரம் அதிகம். நானே முயன்றிருக்கிறேன். போனில் அரை மணிக்கு ஒரு அலாரம். முதல் இரண்டு நாள் ஒலித்ததும் எழுந்தேன். மூன்றாம் நாள் ஒரு கூட்டத்தின் நடுவே ஒலித்தது, அவசரமாக அமுக்கினேன். அதன் பிறகு அமுக்குவதே பழக்கமாகிவிட்டது. ஒரு வாரத்துக்குப் பின் விரல்தான் பயிற்சி பெற்றிருந்தது, கால் அல்ல.

அதனால் மேட்டைக் குறிவைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கணிப்பு. ஒரு மணிக்குச் சாப்பிட்டு ஒன்றரைக்கு நாற்காலிக்குத் திரும்புபவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சர்க்கரை ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் உச்சத்துக்கு வரும். நாற்காலிக்குத் திரும்பும் முன்பே ஐந்து நிமிடம் நடந்துவிடலாம். பிறகு இரண்டு மணிக்கு, இரண்டரைக்கு, மூன்று மணிக்கு ஐந்தைந்து நிமிடம். மொத்தம் இருபது நிமிடம். காலை உணவுக்குப் பிறகான முதல் இரண்டு மணி நேரத்திலும் முடிந்தால் இப்படியே. மீதி நேரத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் நடந்தால் ரத்த அழுத்தத்தின் பங்கு கிடைத்துவிடும். இப்படி 80 நிமிடத்தைப் பாதியாக்கலாம்.

நடந்தோமா, வெறுமனே எழுந்து நின்று போனைப் பார்த்தோமா என்பதைக் கண்டுபிடிக்க போனின் அடிக் கணக்கே போதும். மெதுநடையில் ஐந்து நிமிடம் என்றால் நானூறு அடியை ஒட்டி வரும். மூன்று நிமிடம் என்றால் இருநூற்றைம்பது. தண்ணீர் எடுக்கப் போய் நாற்பது அடியோடு திரும்பினால் அது இடைவேளைதான், நடை அல்ல. அலாரத்தைவிட, ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு நடையைக் கட்டிவிடுவது நிலைக்கிறது. எனக்குப் போன் அழைப்புகள் உதவின. மதியம் வரும் அழைப்பு எதையும் உட்கார்ந்து பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டு குளுக்கோமீட்டரில் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டால், பார்க்கலாம். ஆனால் ஒரு குத்தலை நம்பக் கூடாது. இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமே, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டுவதை அனுமதிக்கிறது. உண்மையில் 140 இருந்தால் 120 என்றும் காட்டலாம், 160 என்றும் காட்டலாம். சர்க்கரை நோய் இல்லாதவரின் ஆறு புள்ளி வித்தியாசம் இந்த இரைச்சலில் மூழ்கிப் போகும். அவர் ஒன்றும் குறையவில்லை என்று நினைத்துக் கைவிட்டுவிடுவார். 24 புள்ளி குறையக்கூடிய நோயாளிக்கு வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு. அதற்கும் ஒரே அளவு, ஒரே வகை மதிய உணவை ஆறு நாள் சாப்பிட்டு, மூன்று நாள் உட்கார்ந்தும் மூன்று நாள் நடந்தும், ஒவ்வொரு நாளும் சாப்பிடும் முன், ஒரு மணி கழித்து, இரண்டு மணி கழித்து அளக்க வேண்டும். மும்மூன்று நாளின் சராசரிகளை ஒப்பிட்டால் ஒரு போக்கு தெரியும்.

இன்சுலின் போடுபவர்களும், கணையத்தைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தொடங்கும் வாரத்தில் சர்க்கரையைக் கூடுதலாக அளந்து பார்ப்பது நல்லது. சர்க்கரை தாழ்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். அவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். பாதத்தில் புண் உள்ளவர்களுக்கு நடை இடைவேளை பொருந்தாது. நடக்க நடக்கக் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றதும் வலி விட்டுப்போகிறது என்றால் கால் தமனியில் அடைப்பு இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கு நடை மருந்தல்ல, உடனே காட்ட வேண்டும்.

ஆய்வகத்தை விட்டு வீட்டுக்கு வந்தால் என்ன ஆகிறது என்பதை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2021-இல் பார்த்தார்கள். உடல் பருமன் உள்ள 16 பேர், மூன்று வாரம், தங்கள் வழக்கமான வாழ்க்கை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அரை மணிக்கு ஒருமுறை அலாரம் அடிக்க, மூன்று நிமிடம் நடந்தார்கள் அல்லது படி ஏறினார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, நாள் முழுக்க ஏறி இறங்கும் அலைவு கொஞ்சம் தணிந்தது. மூன்று வார முடிவில் குளுக்கோஸ் குடிக்க வைத்துச் செய்த சோதனையில் மாற்றமில்லை. எழுந்து நடக்கும் நாளில் நடையின் பலன் கிடைக்கிறது. மறுநாள் எழாமல் உட்கார்ந்தால் மேடு மறுபடி பழைய உயரத்துக்கே வருகிறது.